சந்தையில் விலை பேசுவது: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடமாற்றத்தில் வந்தவர்கள், விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள், புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்கள் என்று பலர் கேட்டவற்றைத் தொகுத்திருக்கிறேன். முக்கால்வாசியும் மீனும் மரக்கறியும் பற்றியவை. கீழே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்குக் காட்டுவதற்கு மட்டும். அன்றைய விலையை அன்றைய சந்தையில்தான் பார்க்க வேண்டும்.

சந்தையில எல்லாத்துக்கும் விலை பேசலாமா?

பேசலாம், ஆனால் எல்லாவற்றுக்கும் இடம் ஒரே அளவு இல்லை. கீரைக்கட்டு, கறிவேப்பிலை, தேங்காய் போன்றவற்றில் விற்பவருக்கு நிற்பது சில ரூபாய்தான். அங்கே பேசி நேரத்தைப் போக்குவதில் பயன் இல்லை. கரட், லீக்ஸ், வெங்காயம் போன்று வெளியிலிருந்து வரும் மரக்கறியில் கொஞ்சம் இடம் உண்டு. மீனில் நேரத்தைப் பொறுத்து நிறையவும் உண்டு, ஒன்றுமே இல்லாமலும் போகும். அதிக இடம் உள்ளவை நடைபாதையில் விற்கும் உடுப்பு, செருப்பு, பிளாஸ்டிக் சாமான், விளையாட்டுப் பொருட்கள்.

விலை அச்சிட்ட பெட்டி, பைக்கட் சாமான்களின் கதை வேறு. அதைக் கடைசிப் பக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

பாதி விலையில இருந்து கேட்கத் தொடங்கு எண்டு சொல்றாங்க. அது சரியா?

உடுப்புக்கு ஓரளவு சரி. மரக்கறிக்கும் மீனுக்கும் பிழை. 320 ரூபாய் சொன்ன கரட்டை 160க்குக் கேட்டால், உங்களுக்கு விலை தெரியாது என்பதை நீங்களே சொல்லிக் கொடுத்த மாதிரி. அதற்குப் பிறகு அவர் இறங்கும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்கு வெற்றி போலத் தெரியும், ஆனால் பக்கத்துக் கடையில் ஒன்றும் கேட்காமல் வாங்கியவர் உங்களைவிட மலிவாக வாங்கியிருப்பார்.

என் அனுபவத்தில் மரக்கறியில் சொன்ன விலைக்கும் கொடுக்கும் விலைக்கும் உள்ள தூரம் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். காலை மீனிலும் அவ்வளவே. மத்தியானம் நெருங்கினால் மீனில் நாலில் ஒரு பங்குகூட இறங்கும். உடுப்பில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் ஆச்சரியப்பட வேண்டாம். எந்தப் பொருள், எந்த நேரம் என்பதைப் பார்க்காமல் ஒரே வீதத்தை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

கடைக்காரனுக்கு அது என்ன விலைக்கு வந்திருக்கும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

மலைநாட்டு மரக்கறிக்குத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்தின் மொத்த விலையை மத்திய வங்கி தன் தினசரி விலை அறிக்கையில் இணையத்தில் போடுகிறது. நம் பக்கத்துக்கு வரும் கரட், கோவா, போஞ்சி பெரும்பாலும் அந்த வழியாக, அல்லது வெலிமடை, பண்டாரவளைப் பக்கமிருந்து பதுளை வீதியால் இறங்கி வருகிறது. ஆகவே தம்புள்ள விலையை அடித்தளமாக வைத்துக் கணக்குப் போடலாம்.

கரட் அங்கே கிலோ 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுக்கூலியும் லொறிக் கூலியும் சேர்ந்து 25. மூட்டையை அவிழ்த்தால் பத்தில் ஒரு பங்கு உடைந்தும் அழுகியும் போகும். அப்படியானால் விற்கக்கூடிய ஒவ்வொரு கிலோவும் அவருக்கு 250க்கு நிற்கிறது. சந்தை வரி, சொப்பின் பை, அவருடைய நாள் உழைப்பு எல்லாம் அதற்கு மேல்தான். 270க்குக் கீழே அவரால் கொடுக்க முடியாது. அவர் 320 சொன்னால் 290, 300 நியாயமான முடிவு. 270 கேட்டுப் பிடிவாதமாக நின்றால் தருவார், ஆனால் மூட்டையின் அடியில் கிடந்தவற்றைத் தருவார்.

ஊர்க் கத்தரிக்காய், வெண்டிக்காய், கொச்சிக்காய்க்கு இந்தக் கணக்குச் செல்லாது. களுதாவளை, தேற்றாத்தீவுப் பக்கத்துத் தோட்டத்தில் அந்தக் கிழமை எவ்வளவு காய்த்தது என்பதுதான் விலை. சந்தைக்குள் நுழைந்ததும் எத்தனை கடையில் அதே காய் குவிந்து கிடக்கிறது என்று பார்த்தால் போதும். எல்லாக் கடையிலும் வெண்டிக்காய் என்றால் அன்று இறங்கும். இரண்டு கடையில் மட்டும் என்றால் சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள்.

படுவான்கரையில இருந்து சொந்தத் தோட்டத்துச் சாமானைக் கொண்டு வாறவங்களிட்டயும் இப்பிடித்தான் பேசணுமா?

இல்லை. வியாபாரிக்கு மிஞ்சியது நாளை இன்னொரு சந்தைக்குப் போகும். தோட்டக்காரருக்கு மிஞ்சியது பஸ்ஸில் திரும்ப வீட்டுக்குத்தான் போகும். அதனால் காலையில் அவர் வியாபாரியின் விலையையே சொல்வார், பஸ் நேரம் நெருங்கும்போது சட்டென்று இறங்குவார். ஒரு கிலோவுக்குப் பேசினால் அசையமாட்டார். "இருக்கிறதெல்லாத்தையும் எடுத்தா என்ன விலை?" என்று கேட்டால் உடனே வேறு விலை வரும். இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு பை பூசணியோ கத்தரியோ எடுப்பது இதனால்தான் லாபம்.

அவரிடம் இன்னொரு நன்மையும் இருக்கிறது. எப்போது பறித்தது என்று கேட்டால் நேராகச் சொல்வார். வியாபாரிக்கே பல வேளை அது தெரியாது.

நான் முதல்ல என்ன விலை சொல்லணும்? இல்லாட்டி அவர் சொல்லும் வரைக்கும் நிக்கணுமா?

முதல் விலை அவருடையதாக இருக்கட்டும். ஆனால் அதைக் கேட்பதற்கு முன் மூன்று கடையையாவது கடந்து போங்கள். நின்று கையில் எடுக்காமல், நடந்துகொண்டே "கரட் எப்பிடி?" என்று கேட்டால் போதும். மூன்று கடையும் 320 சொன்னால் அது அன்றைய சந்தை விலை, ஒரு ஆள் கூட்டிச் சொன்னது அல்ல. ஒருவர் 300, இன்னொருவர் 360 என்றால் அங்கேதான் பேச இடம் இருக்கிறது.

பிறகு வாங்க நினைத்த கடையில் பொருளைப் பார்த்து, எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லி, அதற்குப் பிறகு விலை கேளுங்கள். "அரைக் கிலோ" என்று தொடங்கி, விலை பேசி முடித்த பிறகு "சரி, ரெண்டு கிலோ போடுங்க" என்பவர்கள் உண்டு. கூடுதலாக எடுப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பலம். அதை முன்கூட்டியே சொன்னால்தான் விலையில் அது தெரியும். 320க்கு "ரெண்டு கிலோ எடுக்கிறன், 280 போடுங்க அண்ணன்" என்று கேட்டால் 300இல் வந்து நிற்கும். நீங்கள் சொல்லும் தொகை நினைத்த முடிவைவிடச் சற்றுக் கீழே இருந்தால் போதும், பாதாளத்துக்குப் போக வேண்டியதில்லை.

கடையை விட்டு நடந்தாக் கூப்பிடுவாங்க எண்டு அம்மா சொல்லுவா. எனக்கு ஒருத்தரும் கூப்பிடுறல்லயே?

கூப்பிடாவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். நீங்கள் கேட்ட விலை அவருடைய கொள்முதலுக்குக் கீழே, அல்லது அந்த நேரத்தில் உங்களைவிடக் கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு அடுத்த கடையில் 15, 20 ரூபாய் கூட்டிக் கேளுங்கள்.

உண்மையிலேயே போகிற நோக்கம் இருந்தால் மட்டும் நடங்கள். நாலு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறவரை வியாபாரிகள் நன்றாக அறிவார்கள். போய் வேறெங்கும் சரிவராமல் கிறுகி வருவதில் வெட்கம் ஒன்றுமில்லை. "சரி காக்கா, நீங்க சொன்னதுக்கே தாங்க" என்றால் சிரித்துக்கொண்டு நிறுப்பார். சந்தையில் இதை யாரும் மனதில் வைத்திருப்பதில்லை.

ஒரே மீன், நேத்து ஒரு விலை, இண்டைக்கு ஒரு விலை. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் இல்லை. மீனுக்கு நிலையான கொள்முதல் விலை கிடையாது. கரையில் வள்ளம் வந்ததும் அந்த இடத்திலேயே ஏலம் போகிறது. அன்று எத்தனை வள்ளம் வந்தது, எத்தனை வியாபாரிகள் நின்றார்கள் என்பதில்தான் விலை முடிகிறது. கார்த்திகை பிறந்து வாடைக்காற்று தொடங்கினால், தை, மாசி வரை கிழக்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். சிறு வள்ளங்கள் போகாத நாட்களில் பாரையும் விளைமீனும் ஏறும். அந்த நாட்களில் வாவி மீன், நம்மவர் பேச்சில் ஆற்று மீன், பக்கம் பார்ப்பது நல்லது.

யார் சாப்பிடுகிறார்கள் என்பதும் விலையை அசைக்கும். வெள்ளிக்கிழமை தமிழ்க் கிராமங்களில் மீன் எடுப்பவர்கள் குறைவு. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் முழுக் கிராமமே மச்சம் ஒதுக்கும். அந்த ஊர்ப் பக்கத்து மீன்கடையில் விலை இறங்கும், மரக்கறிக் கடையில் ஏறும். பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் முஸ்லிம் ஊரில் அதே நாளில் அப்படி இருக்காது. நோன்பு மாதத்தில் பழத்துக்கு, முக்கியமாக வத்தகப்பழத்துக்கு, இதே கதை தலைகீழாக நடக்கும்.

நேரமும் உண்டு. காலை ஏழு மணிக்கு மீன்காரருக்கு அவசரமில்லை. பதினொன்றுக்கு வெயிலும் ஐஸ் செலவும் அவரை அவசரப்படுத்தும். அப்போது விலை இறங்குவது உங்கள் பேச்சால் அல்ல, மீனின் நிலையால். செவுள் இரத்தச் சிவப்பாக இருக்கிறதா, வயிற்றை விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்புகிறதா, கண் உள்ளே போகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் மத்தியான விலை நல்ல விலை. வயிறு இளகியிருந்தால் பாதி விலைக்கும் வேண்டாம்.

முழு மீனா வாங்கிறதா, துண்டா வாங்கிறதா லாபம்?

இதற்குச் சரியான விடை கணக்கில்தான் வரும். அதனால் ஒன்றை முழுவதுமாகப் போட்டுக் காட்டுகிறேன். 4 கிலோ பாரை ஒன்று, முழுதாகக் கிலோ 1,200 என்று சொல்கிறார். மொத்தம் 4,800 ரூபாய். வெட்டினால் குடல், செவுள், செதிள், செட்டை என்று போவது ஏறக்குறைய 600 கிராம். தலை 800 கிராம். துண்டாக மிஞ்சுவது 2 கிலோ 600 கிராம். தலையைக் கணக்கில் எடுக்காவிட்டால் துண்டு கிலோ 1,850 அளவில் நிற்கிறது. தலைக்கு 400 ரூபாய் மதிப்பு வைத்துக் கழித்தால் 1,700 அளவு. ஆகவே அவரே வெட்டி வைத்த துண்டுக்கு நியாயமான விலை 1,700க்கும் 1,850க்கும் இடையில். அவர் 2,100 சொன்னால் 1,800க்குக் கேட்பதில் தப்பில்லை, கணக்கே உங்கள் பக்கம் இருக்கிறது.

இப்போது முழு மீனில் 100 ரூபாய் குறைத்து 1,100க்கு முடித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4,400. தலையின் 400 கழித்தால் துண்டு கிலோ 1,540 அளவுக்கு வந்துவிடுகிறது. அதாவது முழு மீனில் குறைக்கும் 100 ரூபாய், துண்டில் 150 ரூபாய் குறைத்ததற்குச் சமம். தலை போட்டுக் குழம்பு வைக்கும் வீடாக இருந்தால், அல்லது பக்கத்து வீட்டாரோடு பாதி பாதி எடுப்பதாக இருந்தால், முழு மீன்தான். இருவர் மட்டும் சாப்பிடும் வீட்டில் 4 கிலோ மீனை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் கெடுப்பதற்குத் துண்டு மேல்.

பேசும்போது இரண்டை முன்பே உறுதிப்படுத்துங்கள். நிறுப்பது வெட்ட முன்னா, வெட்டிய பிறகா? வெட்டுக்கூலி விலைக்குள்ளா, தனியா? விலை ஒத்துக்கொண்ட பிறகு இவற்றைக் கேட்டால் குறைத்த காசு அந்த வழியால் திரும்பப் போகும்.

தராசில அடிக்கிறாங்க எண்டு கேள்விப்பட்டன். எப்பிடிக் கண்டுபிடிக்கிற?

விலை பேசுவதைவிட இதுதான் பெரிய விஷயம், ஆனால் பலர் கவனிப்பதில்லை. 1,200 சொன்ன மீனை 1,100க்குப் பேசி 2 கிலோ எடுத்தால் மிச்சம் 200 ரூபாய். தராசு கிலோவுக்கு 80 கிராம் கூட்டிக் காட்டினால் 160 கிராம் மீன் வரவில்லை. அதன் பெறுமதி 176 ரூபாய். நீங்கள் பேசியதெல்லாம் 24 ரூபாய்க்கு.

தட்டில் ஒன்றும் இல்லாதபோது டிஜிட்டல் தராசு பூச்சியம் காட்டுகிறதா, தொங்கு தராசின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மீன் தட்டைப் பூச்சியமாக்கிவிட்டு வேறு கனமான தட்டில் போடுகிறார்களா என்பதையும் பாருங்கள். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் வியாபாரத் தராசுகளை ஆண்டுதோறும் சோதித்து முத்திரை இடுகிறது. முத்திரை இல்லாத தராசு என்றால் யோசிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பையில் ஒரு கிலோ சீனிப் பைக்கட் ஒன்றை வைத்துக்கொண்டு போய், "இதையும் ஒருக்காப் போட்டுக் காட்டுங்க தம்பி" என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். நேர்மையானவர் தயங்காமல் போடுவார். தயங்கினால் சண்டை பிடிக்க வேண்டாம், வேறு கடைக்குப் போங்கள்.

இறாலும் நண்டும் வாங்கேக்க எதைப் பார்க்கணும்?

தண்ணீரைப் பாருங்கள். ஐஸ் தண்ணீரில் ஊறிய இறாலைத் தூக்கி நேராகத் தட்டில் போட்டால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். கூடையில் சற்று வடிய விட்டுப் போடச் சொல்வது விலையைக் குறைப்பதற்குச் சமம், கேட்பதற்கும் கூச்சமில்லாத கேள்வி. உயிர் நண்டைக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். ஈரக் கயிறு தடிப்பாக இருந்தால் அதன் நிறையையும் கழிக்கச் சொல்லுங்கள்.

நண்டில் இன்னொரு பொறியும் உண்டு. ஓடு கழற்றிய புதுசில் நண்டு பெரிதாகத் தெரியும், உள்ளே சதை இருக்காது. வயிற்றுப் பக்கத்து ஓட்டையும் காலையும் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் வேண்டாம். ஒரே அளவு இரண்டு நண்டைக் கையில் எடுத்துப் பார்த்துக் கனமானதை எடுத்தால், கொஞ்சம் விலை கூடினாலும் கறியில் அது மலிவு.

கூறு போட்டு வைச்சிருக்கிறத என்ன மாதிரிப் பேசுற?

கூறில் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், கூட்டிப் போடச் சொல்லுங்கள். 200 ரூபாய்க் கூறை 180க்குக் கேட்டால் தரமாட்டார், தந்தாலும் சில்லறை தேட வேண்டும். கீரி, சூடை போன்ற சின்ன மீன் கூறில் இன்னும் நாலு மீன், தேசிக்காய்க் கூறில் இரண்டு, கொச்சிக்காயில் ஒரு பிடி என்றால் கேட்டவுடன் போடுவார்கள்.

கூறின் மேற்பகுதி மட்டும் அழகாக இருக்கும். கையை வைத்து அடியைக் கிளறிப் பார்க்க அனுமதிக்காவிட்டால் அந்தக் கூறை விட்டுவிடுங்கள். ஒருமுறையாவது வாங்கிய கூறை வீட்டில் நிறுத்துப் பாருங்கள். அதன் பிறகு கண்ணே தராசு மாதிரி ஆகிவிடும்.

நான் வெளிநாட்டுல இருந்து வந்திருக்கன். வாயைத் திறந்தாலே விலை ஏறுது, என்ன செய்ய?

ஏறத்தான் செய்யும். கொழும்புத் தமிழ் பேசினாலும் கொஞ்சம் ஏறும், யாழ்ப்பாணத் தமிழ் பேசினாலும் ஏறும், புதுச் சப்பாத்துக்கும் ஒரு பங்கு ஏறும். முதல் ஒன்றிரண்டு கிழமைக்கு ஊரில் இருப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் வாங்குகிற ஆள் அவராக இருக்கட்டும். பக்கத்தில் நின்று "எவ்வளவு மலிவு!" என்று சொல்லிவிடாதீர்கள். அதுவே மிகவும் செலவான வார்த்தை.

அழைக்கும் முறையும் உதவும். தமிழ் ஆளென்றால் அண்ணன், தம்பி, அக்கா. முஸ்லிம் வியாபாரி என்றால் காக்கா, நானா, ராத்தா. "ஹலோ", "சார்" என்று தொடங்கினால் நீங்கள் வெளியாள் என்பது முடிவாகிவிடும். அவர் அம்மாவின் வயதில் இருந்தால் "மாமி" என்பது யாரையும் இளக வைக்கும். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரிக் காட்ட வேண்டாம், இரண்டாவது கேள்வியில் பிடிபட்டுவிடும். மூன்று கடை கேட்கும் வழி, மேலே சொன்னது, யாருக்கும் பொதுவானது.

உடுப்பு, சாரம் வாங்கேக்க?

காத்தான்குடிப் பக்கத்துத் துணிக்கடைகளில் பெரியவை நிலையான விலை வைத்திருக்கும். அங்கே கேட்டால் சிறு கழிவு கிடைக்கலாம், அவ்வளவே. பேச வேண்டியது நடைபாதையில்தான். சேட் 1,800 என்றால் 1,100இல் தொடங்கி 1,300 அளவில் முடிக்கலாம். விலை எழுதாத பொருளில் இவ்வளவு இடம் விட்டுத்தான் சொல்கிறார்கள். எழுதி ஒட்டிய விலை இருந்தால் இடம் குறைவு.

கைத்தறிச் சாரம் என்றால் மருதமுனைக்கே போய் நெய்யும் இடத்தில் விலை கேட்டு வையுங்கள். சந்தையில் "மருதமுனைக் கைத்தறி" என்று சொல்லி இயந்திரத்தில் நெய்ததைக் கூட்டி விற்பவர் உண்டு. கரை ஓரத்தைப் பிரித்துப் பாருங்கள். கைத்தறியில் ஓரம் சிறு சிறு ஏற்ற இறக்கத்தோடு இருக்கும், மிக நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

"முதல் வியாபாரம், குறைக்கேலாது" எண்டு சொல்றாங்க. உண்மையா?

இரண்டு விதமும் நடக்கும். முதல் ஆளைத் திருப்பி அனுப்பினால் நாள் சரிவராது என்று நினைப்பவர் பலர், அவர்கள் கொஞ்சம் குறைத்தாவது கொடுப்பார்கள். அதே நம்பிக்கையை வைத்துக்கொண்டு உங்களைப் பேசாமல் ஆக்குபவரும் உண்டு. காலையிலேயே போனால் வாங்கும் எண்ணத்தோடு மட்டும் கடையில் நில்லுங்கள். முதல் ஆளாகப் போய்த் துருவித் துருவிக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனால் பின்னால் ஏச்சு விழும். அதில் அவருக்கும் நியாயம் இருக்கிறது.

நான் கேட்ட விலைக்கு அவர் ஓம் எண்டுட்டார். பிறகு வேண்டாம் எண்டு போகலாமா?

கூடாது. நீங்கள் சொன்ன தொகைக்கு அவர் ஒத்துக்கொண்டால் அது முடிந்த வியாபாரம். வாங்கத் தயாரில்லாத தொகையை வாயால் சொல்லவே வேண்டாம். "கடைசி என்ன?" என்று கேட்டுவிட்டுப் போவதில் தப்பில்லை, அது கேள்வி மட்டும். நீங்கள் "1,000" என்றால் அது வாக்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஓம் என்ற பிறகு வேறு குவியலிலிருந்து எடுத்துப் போட்டால், அல்லது தலை நீக்கிய நிறை என்று பேசிவிட்டுத் தலையோடு நிறுத்தால், பேசியது வேறு, தருவது வேறு. அப்போது மறுக்கலாம்.

பைக்கட்டில போட்டிருக்கிற விலைக்கு மேல கேட்டாங்க. அதுவும் பேரம்தானா?

இல்லை, அது சட்ட மீறல். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்க முடியாது. கடையில் விலைப்பட்டியல் காட்சிக்கு வைக்கவும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவும் வேண்டும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற எண் இருக்கிறது. முதலில் "பைக்கட்டில இருக்கிற விலைக்குத் தாங்க" என்று சொன்னாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். கடைக்காரர் ஐஸ் போட்டதற்கு, தூரம் கொண்டுவந்ததற்கு என்று காரணம் சொல்வார். குளிர்பானத்துக்கு இந்தக் காரணம் அடிக்கடி வரும். சட்டத்துக்கு அது காரணம் இல்லை.

ஒரே ஆளிட்டயே ஒவ்வொரு கிழமையும் வாங்கிறன். அவரிட்டயும் பேசணுமா?

விலையைப் பேசத் தேவையில்லை, ஆனால் சந்தை விலையைக் கவனிப்பதை விட வேண்டாம். வழக்கமான ஆள் என்று அவர் குறைத்துப் போடுவார் என்று நம்புவீர்கள், சில வேளை வழக்கமான ஆள் என்பதாலேயே கேட்கமாட்டீர்கள் என்று அவரும் நம்புவார். மாதம் ஒருமுறை அவரிடம் போவதற்கு முன் மூன்று கடையை மட்டும் நடந்து கேட்டுவிட்டுப் போங்கள். விலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. கூடியிருந்தால் "அங்க 280 சொல்றாங்க அண்ணன், உங்களிட்டயே எடுக்கத்தான் வந்தன்" என்றால் போதும், அவரே திருத்திக்கொள்வார்.

வழக்கமான ஆளிடம் கேட்க வேண்டியது விலை அல்ல, முன்கூட்டிய செய்தி. நாளை என்ன வரும், இந்தக் கிழமை எது இறங்கும், எதை இன்று வாங்க வேண்டாம் என்று அவர் சொல்வார். மாரியில் பாரை ஏறும் முன் "ரெண்டு நாளைக்கு எடுத்து வைங்க" என்று சொன்ன ஒரு மீன்கார அக்காவால் எங்கள் வீட்டில் அந்தக் கிழமை செலவு குறைந்தது. அவரிடம் நான் 10 ரூபாய்கூடக் குறைத்துக் கேட்டதில்லை.